தண்டல்காரனுக்கும் ஒரு காரணம் உண்டு: வில்லனைப் புரியவைப்பது, ஆனால் தப்பிக்க விடாமல் எழுதுவது

"வில்லன்னா அவனுக்கும் ஒரு நியாயம் இருக்கணும்" என்று கதை எழுத வருகிற எல்லோருக்கும் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்கள். நல்ல யோசனைதான். அதைக் கேட்டுவிட்டுப் புதிதாக எழுதுபவர் செய்கிற முதல் வேலை என்ன தெரியுமா? மூன்றாம் பக்கத்தில் வில்லனின் சின்ன வயதுக்குப் போய்விடுவது. குடிகார அப்பா, பசி, பள்ளிக்கூடத்தில் அவமானம். படிப்பவர் உச்சுக் கொட்டுகிறார். அப்புறம் அவன் என்ன அட்டூழியம் செய்தாலும் பாதிப் பழி அந்த அப்பா தலையில் போய் விழுகிறது. அடிபட்டவர் கதையின் ஓரத்தில் ஒதுங்கி, வில்லனின் சோகத்துக்குச் சாட்சியாக நின்றுகொண்டிருக்கிறார்.

ஒருவனின் காரணம், அவன் எதற்கு ஆசைப்பட்டான் என்பதை விளக்கும். அந்த ஆசைக்காக இன்னாரை இப்படிச் செய்தான் என்பது தனி. இரண்டுக்கும் நடுவில் ஒரு முடிவு இருக்கிறது. அதை எடுத்தவன் அவன். அந்த முடிவைப் பக்கத்தில் காட்டிவிட்டால் காரணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் விரித்து எழுதலாம், கொடுமை கரையாது. அதைக் காட்டாமல் விட்டால் இரண்டு வரிக் காரணம்கூட மன்னிப்புக் கடிதமாகிவிடும். எப்படிக் காட்டுவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பொதுவாகப் பேசினால் கைக்கு ஒன்றும் கிடைக்காது. ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். பத்துப் பன்னிரண்டு பக்கச் சிறுகதை, சின்ன ஊர். பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருக்கும் சரோஜா. அந்த ஊரில் தண்டலுக்குப் பணம் விடும் தனபால். இருவரும் இந்தக் கட்டுரைக்காக நான் உண்டாக்கியவர்கள்.

1. காரணத்துக்கு முன்னால் சேதத்தை எழுதுங்கள்

வில்லனைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதற்கு முன், அவனால் யாருக்கு என்ன போயிற்று என்று ஒரு தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கதையில் வரவேண்டிய எழுத்து அல்ல இது, உங்களுக்கான கணக்கு. "அவள் வாழ்க்கையே பாழாயிற்று" என்றெல்லாம் எழுதக் கூடாது. பாழான வாழ்க்கைக்கு எடை கிடையாது. எந்தப் பொருள் போயிற்று, அது போனதால் மறுநாள் காலை எது நின்றது, அது நின்றதால் யார் வராமல் போனார்கள் என்று கண்ணிகண்ணியாகப் போக வேண்டும்.

சரோஜா வாங்கியது 10,000 ரூபாய்த் தண்டல். கையில் கிடைத்தது 8,500. மீதி 1,500 முன்னாலேயே பிடித்தாயிற்று. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 62 நாள் ஒழுங்காகக் கட்டினாள், 6,200 அடைந்தது. பாக்கி 3,800. அப்போது மழை பிடித்துக்கொண்டது. பேருந்து நிலையத்தில் தண்ணீர் நிற்கிறது, ஆள் இறங்குவதில்லை, 11 நாள் தவணை விழுந்துபோயிற்று. தனபால் வருகிறான், கோபப்படவே இல்லை. "புதுசா பத்தாயிரம் எழுதிக்கிடுவோம்க்கா" என்கிறான். அதில் பழைய பாக்கி 3,800 போயிற்று, முன்பிடித்தம் 1,500 போயிற்று, 4,700 ரூபாயை எண்ணிக் கையில் கொடுக்கிறான். மறுநாளிலிருந்து மறுபடியும் 100 நாள்.

இந்தக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு தடவையும் சேர்த்து அவள் கையில் வாங்கியது 13,200. கட்டி முடிக்க வேண்டியது 16,200. வித்தியாசம் 3,000 ரூபாய். கேட்பவருக்குப் பெரிய கொள்ளையாகவே தோன்றாது. தனபாலும் அதைத்தான் சொல்வான், அடக்கமாக, நோட்டைப் பிரித்துக் காட்டி. எழுதுபவருக்கு இந்த இடம் முக்கியம்: எண்ணை மட்டும் நம்பினால் கதை தனபால் பக்கம் சாய்ந்துவிடும். சேதம் வேறெங்கோ இருக்கிறது.

இரண்டாம் தண்டலிலும் 11 நாள் விழுகிறது. 1,100 ரூபாய். அதற்காகத் தனபால் கடையில் இருக்கும் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போகிறான். இனிமேல் கண்ணிகளைப் பாருங்கள். கிரைண்டர் இல்லை, அதனால் மாவு வெளியில் வாங்க வேண்டும். மாவு விற்கும் கடை ஆறு மணிக்குத்தான் திறக்கும், அதனால் சரோஜாவின் முதல் ஈடு ஏழு மணிக்கு மேல்தான் வெந்து இறங்கும். ஐந்தரை மணிக்கு முதல் டிரிப் எடுக்கும் டிரைவர், கண்டக்டர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள், பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். வழக்கமாக வந்தவர்கள் ஒரு வாரம் வேறு கடையில் சாப்பிட்டால் அந்தக் கடை வாடிக்கையாளர்களாகவே ஆகிவிடுவார்கள். கிரைண்டர் திரும்பி வந்தாலும் அவர்கள் வரப் போவதில்லை.

இந்தக் கடைசி வரிதான் சேதம். 3,000 ரூபாய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதைக் கண்டுபிடிக்காமல் வில்லனின் மனசுக்குள் நுழைய வேண்டாம்.

2. அவன் ஆசை, அவன் பயம், அவன் தனக்குச் சொல்லிக்கொள்வது

இப்போது தனபாலுக்கு வருவோம். மூன்று கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதால்தான் வில்லன் வழவழவென்று ஆகிறான்.

முதலில் ஆசை. அது சாதாரணமாக இருக்க வேண்டும், படிக்கிறவருக்கும் இருக்கக்கூடியதாக. தனபாலுக்கு நான் கொடுப்பது இது: ஊர்க் கோயில் பங்குனித் திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படி தன் பெயரில் நடக்க வேண்டும். சாமி தன் செலவில் புறப்பட வேண்டும், நோட்டீஸில் தன் பெயர் அச்சாக வேண்டும், பரிவட்டம் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவன் அப்பா அதே திருவிழாவில் கூலிக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்குத் தூக்கிப் போனவர். அப்பாவைப் பற்றி இந்த ஒரு வரி போதும். அதற்கு மேல் போனால் மூன்றாம் பக்கத்துக் குடிகார அப்பாவிடமே திரும்பிப் போய்விடுவோம்.

பழைய காயத்தைவிட நிகழ்கால ஆசையை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. காயம் என்பது அவனுக்கு நடந்தது, ஆசை என்பது அவன் துரத்துவது. நடந்ததைச் சொல்லும்போது அவன் பாதிக்கப்பட்டவனாக நிற்கிறான். துரத்துவதைச் சொல்லும்போது அவன் காலால் நடக்கிறான். புரிந்துகொள்ள இரண்டும் உதவும், ஆனால் பொறுப்பு கூடவே வருவது இரண்டாவதில்தான்.

அடுத்தது பயம். தனபால் விடுவது முழுக்கத் தன் பணமல்ல. ரைஸ் மில் முதலாளி ஒருவரிடம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கித்தான் சுற்றுக்கு விடுகிறான். மாதம் பிறந்தால் அவருக்கு எண்ணி வைக்க வேண்டும். அதைவிடப் பெரிய பயம் லைனைப் பற்றியது. வசூலுக்குப் போகும் தெருக்களையும் கடைகளையும் சேர்த்து லைன் என்பார்கள். ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால் சாயங்காலத்துக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிடும், நாளைக்கு நாற்பது பேரும் கையை விரிப்பார்கள். இது வெறும் சாக்கு அல்ல. அந்தத் தொழிலில் நிஜமாகவே அப்படித்தான் நடக்கும். பயம் உண்மையாக இருக்கட்டும்.

மூன்றாவது, அவன் தனக்குச் சொல்லிக்கொள்வது. புதியவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வில்லன் சொல்லும் நியாயத்தை முழுப் பொய்யாக்கிவிடுகிறார்கள், அப்போது அவன் முட்டாளாகத் தெரிகிறான். அல்லது முழு உண்மையாக்கிவிடுகிறார்கள், அப்போது அவன் தியாகி. பாதி உண்மையாக இருக்க வேண்டும். தனபால் சொல்வது இதுதான்:

"பேங்க்ல போய் நின்னு பாரு. கடைக்கு வாடகைப் பத்திரம் இருக்கா, ஜாமீனுக்கு ஆள் இருக்கான்னு ஆயிரம் கேப்பான். நான் ஒரு கேள்வி கேட்டனா? சாயங்காலம் கேட்டா, காலையில பணம்."

இதில் பொய் எங்கே? சரோஜா மாதிரி ஆளுக்கு அவசரத்துக்கு வேறு யாரும் கொடுக்கவில்லை என்பது உண்மை. கொடுத்ததால் தான் எது வேண்டுமானாலும் செய்யலாம் என்பது மீதிப் பாதி. அதை அவன் வாயால் சொல்லவே மாட்டான். அந்த மௌனத்தை நீங்களும் நிரப்பாதீர்கள். படிப்பவர் அங்கே தானாக நின்று யோசிப்பார்.

ஒரு சின்னத் தகவல். 2003-இல் கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்தது. மீட்டர் வட்டி, மணிக்கணக்கு வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே அது தடுக்கிறது. தனபாலுக்கு இது தெரியும். தெரிந்தவன் எப்படி நடந்துகொள்வான் என்று யோசித்தால் பாத்திரம் இன்னும் கூர்மையாகும். வட்டி என்ற சொல்லே அவன் வாயில் வராது. தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்திருப்பான். தான் செய்வது தப்பு என்று அறியாதவன் அல்ல என்பதைச் சொல்ல இந்த ஒரு வெற்றுத் தாள் போதும், உங்கள் தரப்பில் விளக்கம் தேவையில்லை.

3. வழி பிரியும் இடம்

மொத்தக் கட்டுரையிலும் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வில்லனுக்கு வேறு வழி இருந்தது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். அந்த வழி அவன் கண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவனால் முடிகிற விலையிலும் இருக்க வேண்டும். "நல்லவனாக இருந்திருக்கலாமே" என்பது வழி அல்ல. தொழிலை விட்டுவிட்டு விவசாயம் பார்த்திருக்கலாம் என்பதும் வழி அல்ல, அவன் அதைச் செய்ய மாட்டான். அவன் உலகத்துக்குள்ளேயே, அவன் ஏற்கெனவே செய்து பழகிய ஒன்றாக இருக்க வேண்டும்.

தனபால் கதையில் அது இப்படி. கிரைண்டரை எடுப்பதற்கு ஒரு மாதம் முன், அதே லைனில் டீக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கும் தவணை விழுகிறது. அவர் கவுன்சிலரின் மச்சான். தனபால் டீ குடித்துக்கொண்டே, "இருக்கட்டும்ணே, அடுத்த மாசம் சேத்துப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். லைன் உடையவில்லை. நாற்பது பேரும் கையை விரிக்கவில்லை. நாலு வரிக் காட்சி, யாரும் அதை விளக்குவதில்லை.

இரண்டாவதாக, கிரைண்டர் எடுக்கும் அதே வாரம் மண்டகப்படிப் பூ அலங்காரத்துக்கு 15,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறான். பணக்கட்டை எண்ணும் விரலைக் காட்டுங்கள். அடுத்த காட்சியில் அதே விரல் 1,100 ரூபாய்ப் பாக்கியை நோட்டில் தொட்டுக் காட்டட்டும்.

இந்த இரண்டும் கதையில் இருந்தால், அவன் பயத்தை எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் ஆபத்தில்லை. படிப்பவருக்குத் தெரியும்: இவனுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியும், யாருக்கு விட்டுக்கொடுப்பது என்று இவன் தேர்ந்தெடுத்துக்கொள்கிறான். சரோஜாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை என்பது மட்டும்தான்.

இதே சூழலில் நேர்மையாக வாழும் இன்னொருவரைக் காட்டி ஒப்பிடலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. அந்த நல்லவர் பெரும்பாலும் பாடப்புத்தகத்திலிருந்து இறங்கி வந்தவர் மாதிரி இருப்பார். வில்லனை அவனோடே ஒப்பிடுங்கள், போன மாதத்துத் தனபாலை இந்த மாதத்துத் தனபாலோடு.

நம்மிடம் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் ஊடல்கொண்ட தேவியைச் சமாதானப்படுத்தப் போகும் வழியில், பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு, விசாரிக்காமல் கோவலனைக் கொல்ல ஆணையிடுகிறான். அந்த அவசரம் யாருக்கும் புரியும். மனைவி கோபத்தில் இருக்கிறாள், வாசலில் ஒரு வழக்கு வந்து நிற்கிறது. இளங்கோவடிகள் அதை மறைக்கவில்லை, ஆனால் கணக்கை அதோடு முடிக்கவும் இல்லை. கண்ணகிக்கு முழு அவையையும் கொடுக்கிறார். தேவியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று அவள் உடைத்துக் காட்டுகிறாள். விசாரிக்க ஒரு நாழிகை போதுமாயிருந்தது என்பது, சிலம்பு உடைந்த அந்தக் கணத்தில் தெரிந்துவிடுகிறது. வழி பிரியும் இடத்தை நடந்து முடிந்த பிறகும் காட்டலாம் என்பதற்கு இதைவிடக் கச்சிதமான காட்சி வேண்டியதில்லை.

4. எதை எங்கே வைப்பது

ஒரே விஷயம் வைக்கும் இடத்தால் மன்னிப்பாகவும் ஆகலாம், குற்றச்சாட்டாகவும் ஆகலாம். எனக்குக் கைகொடுத்த சில ஒழுங்குகளைச் சொல்கிறேன்.

படிப்பவர் முதலில் சரோஜாவைச் சந்திக்கட்டும். விடிகாலை நாலு மணி, கடைக்குள் ஒற்றைக் குண்டு பல்பு, கிரைண்டர் ஓடும் சத்தம், உளுந்து பொங்கி வருவதைப் பார்த்துக் கைத்தண்ணீர் தெளிப்பவள். தனபாலின் வீட்டுக்குப் போவதற்கு முன்பே கிரைண்டர் ஒரு பாத்திரமாகிவிட வேண்டும்.

அவன் காரணத்தைச் சேதத்துக்கு ஒட்டிய காட்சியில் வைக்காதீர்கள். கிரைண்டரைத் தூக்குவதற்கு முந்தைய பத்தியில் அப்பாவின் பெட்ரோமாக்ஸ் விளக்கு வந்தால், அது காரணமாகாது, வக்காலத்தாகிவிடும். இடையில் ஒரு காட்சியாவது இருக்கட்டும். தனபாலின் ஆசையைக் கதையின் முதல் பாதியில், அவன் இன்னும் எதையும் செய்யாதபோது காட்டிவிடுவது நல்லது. மண்டகப்படி நோட்டீஸ் மெய்ப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறான், பெயருக்கு முன்னால் 'உயர்திரு' போடலாமா என்று மனைவியிடம் கேட்கிறான். நாமும் கொஞ்சம் சிரிக்கிறோம், அவனைப் பிடித்தும் போகிறது. பிடித்துப்போனவன் பிறகு செய்வதுதான் அதிகம் வலிக்கும்.

பாதிக்கப்பட்டவர் வாயால் வில்லனின் காரணத்தைச் சொல்ல வைக்காதீர்கள். "பாவம், அவனுக்கும் எத்தன நெருக்கடியோ" என்று சரோஜா சொன்னால், அவளுடைய பெருந்தன்மை அவனுடைய மன்னிப்புச் சீட்டாகிவிடும். அவளுக்கு அவன் மண்டகப்படி தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

5. வாக்கியத்தில் கை யாருடையது?

கதை ஒழுங்காக இருந்தும் வாக்கியம் காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் இது ரொம்பச் சுலபமாக நடக்கிறது. 'உடைத்தான்' என்பதற்குப் பதில் 'உடைந்துவிட்டது', 'அடித்தான்' என்பதற்குப் பதில் 'கை நீண்டுவிட்டது', 'செய்தான்' என்பதற்குப் பதில் 'செய்ய வேண்டியதாயிற்று'. செய்தவன் வாக்கியத்திலிருந்து நைசாக நழுவிவிடுகிறான். வில்லன் மனசுக்குள் புகுந்து எழுதும்போது இது தானாகவே பேனாவில் வரும்.

முதல் வரைவில் இப்படி வரலாம்:

*தனபாலின் கண்ணில் அப்பாவின் முகம் வந்துபோனது. மில்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணம் நெஞ்சை அழுத்தியது. அவனையும் அறியாமல் கை கிரைண்டரை நோக்கி நீண்டது. வேறு வழி தெரியவில்லை. அன்று சரோஜாவின் கிரைண்டர் வண்டியேறிவிட்டது.*

இதில் தனபால் செய்தது ஒன்றுமே இல்லை. முகம் வந்தது, பணம் அழுத்தியது, கை நீண்டது, கிரைண்டர் தானே வண்டியில் ஏறிக்கொண்டது. சரோஜா எங்கே நிற்கிறாள் என்பதும் தெரியாது. திருத்தினால் இப்படி:

*தனபால் பிளக்கைப் பிடுங்கினான். உள்ளே பாதி ஆட்டிய உளுந்து இருந்தது.*

*"இத வேற பாத்திரத்துல மாத்திக்கோங்கக்கா."*

*"தம்பி, நாளைக்கு வாங்க. நாளைக்குக் கண்டிப்பா."*

*அவள் அசையவில்லை. அவனே குண்டானை எடுத்தான். மாவை வழித்து ஊற்றினான், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. குழவியைத் தூக்கித் துடைத்துத் தனியாக வைத்தான். பிறகு வெளியே நின்ற பையனைக் கூப்பிட்டு ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கண்டக்டர் இலையை மடித்துவிட்டு எழுந்தார்.*

ஒவ்வொரு வினைக்கும் சொந்தக்காரன் இருக்கிறான். மனசுக்குள் போகவே இல்லை, ஆனாலும் அவன் யார் என்று தெரிகிறது: பொருளின் அருமை தெரிந்தவன், மாவைச் சிந்த மனசு வராதவன். மாவு வீணாகக் கூடாது என்று நினைக்கிறவன் அந்த மாவை நாளைக்கு ஆட்ட முடியாமல் செய்கிறான். அக்கா, தம்பி என்ற உறவுமுறை கடைசிவரை மாறவில்லை என்பதையும் கவனியுங்கள். அவனை 'ஏய்' என்று கத்தவிட்டிருந்தால் காட்சி மலிவாகியிருக்கும். மரியாதை குறையாமல் பறிப்பதைத்தான் இந்த ஊர்களில் அதிகம் பார்க்க முடியும்.

வரைவு முடிந்ததும், வில்லன் தீங்கு செய்யும் காட்சியை மட்டும் எடுத்து வினைச்சொற்களைக் கோடிட்டுப் பாருங்கள். அவனை எழுவாயாகக் கொள்ளாத வினைகள் வரிசையாக வந்தால் நீங்கள் அவனுக்காக வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள். அவன் தனக்குள் 'வேற வழியில்ல' என்று சொல்லிக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. ஆனால் அது அவன் பேச்சு என்று தெரியும்படி, அவன் வழக்கில், அவன் வாயில் இருக்க வேண்டும். கதைசொல்லியின் உரைநடையில் கலந்துவிட்டால் அது உங்கள் தீர்ப்பாகப் படிக்கப்படும்.

6. சரோஜாவைத் தெய்வமாக்க வேண்டாம்

வில்லனுக்குக் காரணம் கொடுத்துவிட்ட பயத்தில் பாதிக்கப்பட்டவரைப் பத்தினித் தெய்வமாக்கிவிடுவது அடுத்த பொறி. சரோஜா நகைச்சீட்டு ஒன்று கட்டிக்கொண்டிருக்கலாம். அதை மறைத்துத் தனபாலிடம் கையில் ஒன்றுமே இல்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். மகள் கல்யாணத்துக்கென்று வைத்த பணம் அது. இதைத் துணிந்து எழுதுங்கள். அவள் பொய் சொன்னதால் கிரைண்டர் போனது சரி என்று ஆகிவிடாது, 1,100 ரூபாய்க்கு ஒரு பிழைப்பு என்ற விகிதம் அப்படியே இருக்கிறது. அவளைக் குறையில்லாதவளாக்கினால்தான், குறை இருந்திருந்தால் பரவாயில்லை என்று மறைமுகமாகச் சொன்னதாகும்.

7. முடிவு

புதியவர்கள் மூன்று வழியாகத் தப்பிக்கப் பார்ப்பார்கள்: தனபால் அழுது காலில் விழுகிறான், லாரியில் அடிபட்டுச் சாகிறான், போலீஸ் வந்து இழுத்துப் போகிறது. அழுகை அவனைக் கதையின் நாயகனாக்கிவிடும், கடைசிப் பக்கம் அவன் மனமாற்றத்தைப் பற்றியதாகிவிடும். லாரி எழுதுபவரின் பழிவாங்கல். போலீஸ் நிஜத்தில் வரலாம், சட்டமும் இருக்கிறது. ஆனால் அதை வைத்தால் புகார் எழுதிக் கொடுப்பதிலிருந்து புரோநோட்டுக்கு என்ன ஆகிறது என்பது வரை எழுத வேண்டும், அது வேறு கதை.

தண்டனை கட்டாயமில்லை என்பது என் கருத்து. தனபாலுக்கு மண்டகப்படி கிடைக்கட்டும், பரிவட்டம் கட்டிக்கொண்டு நிற்கட்டும். தீங்கு செய்தவனுக்குக் கேட்டது கிடைத்துவிடுவது நாம் தினமும் பார்ப்பதுதான். கதை கவனிக்க வேண்டியது ஒன்றை மட்டும்: அவன் வெற்றி நடக்கும்போதும் சேதம் நடந்துகொண்டிருப்பதைக் கண்ணை விட்டு எடுக்காமல் இருப்பது. முதல் தாளில் எழுதிய கண்ணிகளுக்குத் திரும்பிப் போங்கள். இன்னும் கதையில் வராத கண்ணி ஏதாவது இருக்கும். நம் கதையில் அது, கிரைண்டர் திரும்பி வந்த பிறகும் பக்கத்துக் கடையிலேயே சாப்பிடும் டிரைவர்கள். பாக்கியை அடைத்துக் கிரைண்டரை மீட்டுவிட்டாள், முந்தின நாளே ஆட்டிப் புளிக்க வைக்கிறாள், ஐந்து மணிக்கே இட்லி தயார். முதல் டிரிப் கிளம்பிப் போகிறது. இது அவன் மனமாற்றத்தால் சரியாகக்கூடிய விஷயமே அல்ல, அதனால்தான் முடிவுக்குத் தாங்கும்.

8. இரண்டு பேரிடம் கொடுத்துக் கேட்பது

கதை பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள், நண்பர்கள் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கதையை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: தனபால் ஏன் அப்படிச் செய்தான்? கிரைண்டர் போன பிறகு சரோஜாவுக்கு என்ன ஆயிற்று?

முதல் கேள்விக்கு "அவன் ஒரு அயோக்கியன்" என்று வந்தால் ஆசை பதியவில்லை. நோட்டீஸில் 'உயர்திரு' போடும் காட்சியைப் போல ஒன்றைக் கூட்டுங்கள். "பாவம், அவனுக்கும் வேற வழி இல்லியே" என்று வந்தால் வழி பிரியும் இடம் பதியவில்லை. பெரும்பாலும் டீக்கடைக் காட்சி ரொம்பப் பின்னால் வந்திருக்கும், அல்லது கவுன்சிலரின் மச்சான் என்பது ஒரே ஒரு தடவை வாய்க்குள் முனகிய மாதிரி வந்திருக்கும். அதைக் கிரைண்டர் காட்சிக்கு முன்னால் கொண்டுவந்து, அவனுடைய 'இருக்கட்டும்ணே'யைத் தெளிவாகக் கேட்க வையுங்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கை வெட்டிவிடலாமா என்று தோன்றும். அவசரப்படாதீர்கள், காரணத்தைக் குறைப்பதைவிட முடிவைத் துலக்குவதுதான் பெரும்பாலும் தேவைப்படும்.

இரண்டாம் கேள்விக்கு "கஷ்டப்பட்டா" என்று மொட்டையாக வந்தால் திரும்பவும் முதல் தாளுக்குப் போங்கள். "இட்லி லேட்டாச்சு, டிரைவருங்க வர்றத நிறுத்திட்டாங்க" என்று வந்தால் அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிடலாம்.